குப்பைமேட்டின் அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மழையின் கணக்கு தெரியும். பால்மரக் காலத்தில் காலை மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. செம்பனை வந்த பிறகு மழை என்றால் சேற்றில் புதையும் லோரி, ஆலைக்குப் போகாமல் தேங்கும் பழம். குப்பையைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த மழையை மறந்துவிடுகிறோம். நாற்றம், ஈ, புகை, லோரிச் சத்தம் எல்லாம் பேச்சில் வரும். மேட்டின் அடியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆற்றில் சேரும் நஞ்சு, வெளியேறும் வாயு, மேடு சரியும் ஆபத்து ஆகிய மூன்றும் அந்தத் தண்ணீரோடு நேராகத் தொடர்புடையவை. ஆகவே திறந்தவெளிக் குப்பைமேட்டுக்கும் முறைப்படி கட்டிய குப்பைத் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தண்ணீர் வழியாகவே விளக்குகிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. கடலோரத்தில் இருக்கும் புலாவ் புரோங் குப்பைத் தளத்துக்குத்தான் பினாங்குத் தீவின் குப்பையும் செபராங் பிறையின் குப்பையும் வந்து சேர்கின்றன. மலேசியாவில் குப்பைத் தளங்களை 0 முதல் 4 வரை படி போட்டுப் பிரிப்பார்கள். வெறுமனே கொட்டிவிட்டுப் போவது 0. மண் போட்டு மூடுவது, கரை கட்டுவது, குப்பையில் ஊறி வடியும் கசிவுநீரைச் சேர்ப்பது என்று படிகள் ஏறி, கசிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடும் தளம் 4. புலாவ் புரோங் 1991-ல் இரண்டாம் படிக்கு வந்தது. 2001-ல், கசிவுநீரைக் குளத்தில் சேர்த்துத் திரும்பவும் குப்பைக்குள்ளேயே விடும் மூன்றாம் படிக்கு உயர்ந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே இருப்பதால், இந்தத் தளத்தின் கசிவுநீரைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை.

ஒரு சிறு ஊரின் கணக்கு

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணம், அதற்கு நான்கு ஹெக்டர் பரப்பில் ஒரு குப்பைமேடு. நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால் அது மிகையாகாது. ஒரு ஹெக்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 10 கன மீட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர். ஆக, நான்கு ஹெக்டரில் ஓராண்டில் விழுவது 80,000 கன மீட்டர்.

திறந்தவெளி மேட்டில் குப்பை தளர்வாகக் கிடக்கும். மேலே குழியும் பள்ளமுமாக இருப்பதால் தண்ணீர் வழிந்து ஓடாமல் உள்ளே இறங்கும். விழுந்ததில் பாதி ஆவியாகியும் வழிந்தும் போய், மீதிப் பாதி இறங்குவதாக வைப்போம். ஆண்டுக்கு 40,000 கன மீட்டர், நாளுக்குச் சராசரி 110 கன மீட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லோரியில் தினமும் பதினொரு லோரி. இதுபோக, நம் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சாப்பாட்டு மிச்சம்தான். சோறு, காய்கறித் தோல், தர்பூசணித் தோல் என்று எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகவே வந்து சேர்கிறது. மேலே புதுக் குப்பை ஏற ஏற, அடியில் இருப்பது நசுங்கி அந்தத் தண்ணீரையும் விடும். இந்தக் கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

குப்பைக்குள் இறங்கும் மழை வழியில் கரையக்கூடிய எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கறுப்பாக வெளியே வருகிறது. இதுதான் கசிவுநீர். ஈயம், பாதரசம் என்றுதான் பலரும் பயப்படுவார்கள். வீட்டுக் குப்பையில் இருந்து வரும் கசிவுநீரில் உண்மையில் அதிகம் தலைவலி கொடுப்பது அம்மோனியா. மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதம் காற்றில்லாத இடத்தில் சிதைந்தால் அதன் நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீரில் தங்கிவிடும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், குப்பையின் ஆழத்தில் அது கிடையாது. எளிதில் மக்கும் கரிமப் பொருள் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அம்மோனியா பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருக்கும். மேலே புல் முளைத்து அடங்கிப்போனதாகத் தெரியும் பழைய மேடுகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

புலாவ் புரோங் கசிவுநீரில் ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல் அம்மோனியா நைட்ரஜன் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. நம் கற்பனை ஊருக்கு 1,500 என்று வைப்போம். 110 கன மீட்டரில் அது நாளுக்கு 165 கிலோ. மலேசியாவில் குடிநீருக்காக எடுக்கும் ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆக, ஒரு லிட்டர் கசிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால் அதை அந்த அளவுக்குக் கரைக்க ஆயிரம் லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். மழை ஓய்ந்து ஆறு வற்றும் மாதங்களில் அவ்வளவு நீர் இருக்காது. வறண்ட நாள்களில் அம்மோனியா கூடிப்போய்க் குடிநீர் ஆலைகள் நிறுத்தப்படும்போது, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் குப்பைமேடுகள் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அதே ஊரில் முறையான தளம்

இப்போது அதே நான்கு ஹெக்டரை முறைப்படி நடத்துவோம். முதலில் தளத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு துண்டில் மட்டும் குப்பை கொட்டுவார்கள். கொம்பேக்டர் இயந்திரம் ஏறி மிதித்துக் குப்பையை இறுக்கும். மாலையில் சுமார் 15 செ.மீ. மண் போட்டு மூடுவார்கள். சில காலம் தொடாத இடத்துக்கு இன்னும் தடிப்பாகக் களிமண் போட்டு, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவு கொடுப்பார்கள். நிரம்பி முடிந்த துண்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் மண்ணும் புல்லும் வரும்.

அரை ஹெக்டர் திறந்திருக்கிறது, ஒன்றரை ஹெக்டரில் இடைக்கால மூடாக்கு, மீதி இரண்டு ஹெக்டர் முற்றிலும் மூடியாயிற்று என்று வையுங்கள். திறந்த இடத்தில் மழையில் பாதியும், இடைக்கால மூடாக்கின் வழியாக ஐந்தில் ஒரு பங்கும் இறங்கும். ஆண்டுக்கு 5,000-ம் 6,000-ம் சேர்த்து 11,000 கன மீட்டர், நாளுக்கு 30. நூற்றுப்பத்து முப்பதாகக் குறைந்துவிட்டது. அடியில் விரிப்பு போடுவதற்கும் முன்னால், சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்கும் முன்னால், வெறும் மண் மூடாக்கும் சரிவும் வடிகாலும் பிரச்சினையில் முக்கால் பங்கைத் தடுத்துவிட்டன. செலவைப் பார்த்தால் ஒரு குப்பைத் தளத்தில் இதைவிட மலிவான வேலை கிடையாது. முதலில் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இதுதான். மண் வாங்கக் காசு இல்லை, மண் போட்டால் குப்பைக்கு இடம் குறையும், மழையில் லோரி ஏறவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். ஆறு மாதத்தில் திறந்த பரப்பு அரை ஹெக்டரில் இருந்து இரண்டு ஹெக்டராகிவிடும். முப்பது கன மீட்டருக்குக் கட்டிய சுத்திகரிப்பு ஆலை அன்றே தோற்றுப்போகும்.

அடித்தளத்துக்கு வருவோம். இறுக்கிய களிமண் குறைந்தது 60 செ.மீ., அதன்மேல் 1.5 மி.மீ. அல்லது 2 மி.மீ. தடிப்பில் கறுப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு, அதைக் கல் குத்தாமல் காக்கத் தடித்த துணி, அதன்மேல் சரளைக் கல் அடுக்கு, கல்லுக்குள் துளையிட்ட குழாய்கள். தரை முழுவதும் இரண்டு சதவீதம் போலச் சரிந்து ஒரு சேகரிப்புக் குழியில் முடியும். அந்தக் குழியில் இருந்து பம்பு கசிவுநீரை வெளியே இறைக்கும்.

“அண்ணே, பிளாஸ்டிக் விரிச்சாச்சுன்னா அப்புறம் என்ன பயம்?” என்று கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விரிப்பில் ஓட்டை இல்லாத தளம் அபூர்வம். சரளைக் கல்லை லோரியில் கொண்டுவந்து புல்டோசரால் பரப்பும்போதுதான் பெரும்பாலான ஓட்டைகள் விழுகின்றன. மின்சாரம் செலுத்தி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது. குப்பை விழும் முன்பே அதைச் செய்து அடைக்கவேண்டும். அதற்கு மேலும் தப்பும் ஓட்டைகளுக்குத்தான் அடியில் களிமண். விரிப்பும் களிமண்ணும் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால், ஓட்டையில் இறங்கும் நீர் பக்கவாட்டில் பரவ இடம் கிடைக்காது.

அந்தக் களிமண் எவ்வளவு விடும்? நல்ல களிமண்ணின் வழியாகத் தண்ணீர் ஒரு வினாடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும். ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் போல. இது மேலே தண்ணீர் தேங்காதபோது. அதன்மேல் நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட வேகமும் கூடும். களிமண் மேல் 30 செ.மீ. கசிவுநீர் நின்றால், பிளாஸ்டிக்கே இல்லாமல் வெறும் 60 செ.மீ. களிமண் மட்டும் இருந்தாலும் நான்கு ஹெக்டரில் நாளுக்கு 5 கன மீட்டர் கீழே இறங்கும். பம்பு பழுதாகி 5 மீட்டர் உயரத்துக்கு நின்றால் அது 32 ஆகிவிடும். மண்ணும் மாறவில்லை, ஓட்டைகளும் கூடவில்லை, நீர் மட்டம் மட்டும்தான் ஏறியது. உலகின் பல நாடுகளில் விரிப்பின் மேல் நிற்கும் கசிவுநீர் 30 செ.மீ.-ஐத் தாண்டக்கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். ஒரு தளத்தைப் பற்றி ஒரே ஒரு எண்ணைக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால், சேகரிப்புக் குழியின் இன்றைய நீர் மட்டத்தைத்தான் கேட்பேன்.

புலாவ் புரோங் போன்ற கடலோர இடங்களில் இயற்கையாகவே தடித்த கடற்களிமண் அடியில் இருக்கிறது. கீழே இறங்குவதற்கு அது நல்ல தடை. ஆனால் கீழே போகாத தண்ணீர் பக்கவாட்டில்தான் வழி தேடும். மேட்டின் அடிச்சரிவில் கறுப்பாக ஊறி, சாக்கடைக்கும் ஓடைக்கும் போகும். களிமண் நிலத்தில் சுற்றுக் கரையும், கரைக்கு உள்ளே அடிவாரக் கால்வாயும் அடித்தளத்துக்குச் சமமான முக்கியத்துவம் பெறுவது இந்தக் காரணத்தால்தான். தோட்டத்துச் செம்மண் நிலத்தில் நிலைமை வேறு. இறுக்காத செம்மண் களிமண்ணைப் போல நூறு மடங்கு வேகத்தில் நீரை விடக்கூடும். அங்கே சரிவில் எதுவுமே ஊறாமல், மேடு பார்க்கக் காய்ந்து சுத்தமாக இருக்கும். கசிவுநீர் முழுவதும் கிணற்று நீரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

சுத்திகரிப்பு ஏன் இவ்வளவு கடினம்

2009-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர ஒழுங்குவிதிப்படி மலேசியக் குப்பைத் தளம் வெளியே விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். 1,500-ல் இருந்து 5 என்றால் ஆயிரத்தில் மூன்று பங்குதான் மிஞ்சலாம். காற்றை ஊதிப் பாக்டீரியா மூலம் நைட்ரேட்டாக்குவது வழக்கமான வழி. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு நான்கரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். முறையான தளத்தின் 30 கன மீட்டரில் இருக்கும் 45 கிலோவுக்கு நாளுக்கு 200 கிலோ ஆக்சிஜன். திறந்த மேட்டின் 165 கிலோவுக்கு 750 கிலோ. இது முழுக்க மின்சாரக் கட்டணம். மண் மூடாக்கில் மிச்சம் பிடித்த காசு இங்கே பல மடங்காகத் திரும்பிப் போகிறது.

பிறகு நைட்ரேட்டை வாயுவாக மாற்ற அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கரிமப் பொருள் வேண்டும். பழைய தளத்தின் கசிவுநீரில் எளிதில் மக்கும் கரிமம் தீர்ந்துவிட்டிருக்கும், எனவே வெளியில் இருந்து வாங்கிச் சேர்க்கவேண்டும். மிச்சம் நிற்பது மக்காத பழுப்பு நிறம். அதைப் பாக்டீரியா தொடாது. இரும்பு உப்புப் போட்டுப் படியவைப்பதோ வேறு வழியோ வேண்டும். கசிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டினால் தெளிந்த நீர் கிடைக்கும், ஆனால் உப்பும் அம்மோனியாவும் செறிந்த ஒரு பங்கு மிஞ்சும். அதைத் திரும்பக் குப்பைமேட்டிலேயே ஊற்றும் தளங்களில் சில ஆண்டுகளில் கசிவுநீரின் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

வாயு, அதை முடக்கும் தண்ணீர்

காற்று புகாத குப்பை மக்கும்போது பாதிக்குச் சற்று மேல் மீத்தேனும் மீதி கரியமில வாயுவுமாக வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. ஆழமில்லாத திறந்தவெளிக் குப்பைமேட்டில் காற்று ஓரளவு உள்ளே போவதால் மீத்தேன் குறைவாகவே உண்டாகும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2006-ஆம் ஆண்டுக் கணக்கு முறையில், முறையாக இறுக்கி மூடிய தளத்துக்கு 1.0 என்று வைத்தால், ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான திறந்த மேட்டுக்கு 0.8, ஆழம் குறைந்ததற்கு 0.4. ஒரு சின்னத் தோட்டப் பட்டணத்தின் ஆழமில்லாத மேட்டை மூடிவிட்டுக் குப்பையைப் பெரிய முறையான தளத்துக்கு அனுப்பினால், அங்கே உண்டாகும் வாயுவில் 60 சதவீதத்தைப் பிடித்தால்தான் மீத்தேன் கணக்கில் பழைய நிலைக்குச் சமமாகும். ஆற்றுக்கும் மூச்சுக்கும் கிடைக்கும் நன்மை தனி, அது பெரியது. ஆனால் வாயு பிடிக்காமல் மூடி மட்டும் போட்டால் மீத்தேன் கூடத்தான் செய்யும். மூடுவதும் பிடிப்பதும் ஒரே திட்டமாக வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிடிப்பதில் காலம் மிக முக்கியம். குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களில், துண்டு நிரம்பி மூடிய பிறகு மேலிருந்து கிணறு தோண்டி, துளைக் குழாய் இறக்கி, ஊதி இயந்திரத்தால் வாயுவை இழுப்பார்கள். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சாப்பாட்டு மிச்சம் மிக வேகமாக மக்கும். அதே பன்னாட்டுக் கணக்கு முறை ஈர வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவுக்குக் கொடுக்கும் வேகத்தில், இரண்டாண்டு ஆவதற்குள் பாதி மக்கிவிடும். நான்காண்டு கழித்துக் கிணறு தோண்டினால் உணவில் இருந்து வரவேண்டிய வாயுவில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே வானத்துக்குப் போயிருக்கும். அதனால் இங்கே குப்பை ஏற ஏற, சில மீட்டர் உயரத்துக்கு ஒருமுறை படுக்கைவாட்டில் குழாய் பதித்துச் சில மாதங்களிலேயே இழுக்கத் தொடங்கவேண்டும்.

இங்கேயும் குறுக்கே நிற்பது தண்ணீர். கசிவுநீர் மட்டம் ஏறினால் கிணற்றுக் குழாயின் துளைகள் மூழ்கிவிடும். இருபது மீட்டர் கிணற்றில் பன்னிரண்டு மீட்டர் நீர் நின்றால் மேலே இருக்கும் எட்டு மீட்டர்தான் வேலை செய்யும். வாயு வரவில்லையே என்று நடத்துபவர் ஊதியின் இழுப்பைக் கூட்டுவார். இழுப்புக் கூடினால் மூடாக்கின் வெடிப்பு வழியே வெளிக்காற்று உள்ளே போகும். மீத்தேன் குறையும், அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கும் இயந்திரம் திணறும், அதைவிட மோசமாக, ஆக்சிஜன் கிடைத்த குப்பை உள்ளுக்குள்ளேயே தீயாகக் கனியத் தொடங்கும். கிணற்றுத் தலையில் எடுக்கும் அளவுகளிலேயே இது தெரிந்துவிடும். ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டுவது, நைட்ரஜன் ஏறுவது, வெப்பம் 55 டிகிரிக்கு மேல் போவது, கார்பன் மோனாக்சைடு காட்டுவது என்று அறிகுறிகள் வரும். அப்போது வால்வை மூடி இழுப்பைக் குறைத்து, கிணற்றுக்குள் சிறு பம்பு இறக்கி நீரை எடுக்கவேண்டும்.

சுமார் ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு மணிக்கு 500 முதல் 600 கன மீட்டர் வாயு தேவைப்படும். பூச்சோங் ஆயர் ஹீத்தாமில் 2004 முதல் 2 மெகாவாட் எடுத்தார்கள். கோலாலம்பூர் குப்பை போகும் புக்கிட் தாகாரிலும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். இரண்டும் பெருநகரக் குப்பைத் தளங்கள். சிறு ஊருக்கு இயந்திரம் கட்டுப்படியாகாது. மூடிய கொள்கலனில் எரித்துவிடும் எரிப்பான் போதும். எரித்தாலே மீத்தேன் கரியமில வாயுவாகிச் சூடாக்கும் திறன் பல மடங்கு குறைந்துவிடும்.

பிடிக்காத வாயு எங்கே போகும் என்பதற்கு இங்கிலாந்தின் லோஸ்கோ கிராமம் சாட்சி. 1986 மார்ச் 24-ல் காற்றழுத்தம் வேகமாக இறங்கியபோது, பக்கத்துப் பழைய குப்பைக் குழியில் இருந்து நிலத்தடி வழியாக வந்த வாயு ஒரு வீட்டுக்குள் சேர்ந்து வெடித்து அதைத் தரைமட்டமாக்கியது. மூடிய மேட்டின் ஓரத்தில் வீடு கட்ட நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், வாயு அளவு எடுத்த அறிக்கையைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

தீ நமக்கே தெரியும். 2022 ஜனவரியில் புலாவ் புரோங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது, புகை சுற்றியுள்ள குடியிருப்புகளைச் சூழ்ந்தது. ஆழத்தில் கனியும் குப்பைத் தீக்கு மேலிருந்து தண்ணீர் அடித்தால் அது பெரும்பாலும் வேறு வழியில் இறங்கிக் கசிவுநீராகிவிடும். தீப்பிடித்த பகுதியைத் தோண்டிப் பரப்பி அணைப்பதும், மண்ணால் அமுக்கிக் காற்றைத் தடுப்பதும்தான் பலன் தரும். அதற்கு மண் குவியல் தளத்திலேயே தயாராக இருக்கவேண்டும். தினசரி மூடாக்குக்கு மண் வாங்காத இடத்தில் அன்றைக்கும் மண் இருக்காது.

நடுவில் ஒரு வழி

பணமில்லாத ஊருக்கு ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகமும் அந்நகரமும் சேர்ந்து உருவாக்கிய அரைக்காற்று முறை ஒன்று இருக்கிறது. புலாவ் புரோங்கும் இந்த வகையில் அமைந்ததுதான். அடியில் சரளைக் கல்லுக்குள் பெரிய துளைக் குழாய் போட்டு, அதன் வெளிமுனையைக் காற்றுக்குத் திறந்து வைப்பார்கள். உள்ளே குப்பை சூடாக இருப்பதால் வாயு மேலே எழும், கீழ்க்குழாய் வழியாக வெளிக்காற்று தானாக இழுபடும். ஊதி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆக்சிஜன் கிடைப்பதால் கசிவுநீரின் கரிமம் குறையும், மீத்தேனும் குறையும். மேலே சொன்ன கணக்கு முறையில் இதற்கு 0.5.

இதற்கு ஒரே நிபந்தனை, குழாயில் நீர் நிரம்பக்கூடாது. அதன் குறுக்களவில் பெரும்பகுதி எப்போதும் காலியாக இருந்தால்தான் காற்று போகும். கசிவுநீர்க் குளம் பெருமழையில் நிரம்பிக் குழாய் முனை மூழ்கிய அன்றே அது சாதாரணக் காற்றில்லாத் தளமாகிவிடும், அதுவும் வாயு பிடிக்கும் ஏற்பாடு இல்லாத தளம். கசிவுநீரைத் திரும்பக் குப்பைமேலேயே தெளிப்பது வறண்ட ஊரில் நல்ல உத்தி. மாதக்கணக்கில் மழை கொட்டும் இடத்தில், வெளியே எடுக்கும் வழி இல்லாமல் சுற்றிச் சுற்றி விட்டால் உள்ளே இருக்கும் நீரின் அளவு கூடத்தான் செய்யும்.

நீர் ஏறிய மேடு சரியவும் செய்யும். குப்பைத் துணுக்குகளுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறும்போது அவை ஒன்றை ஒன்று பிடித்து நிற்கும் பலம் குறைகிறது. 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் லியுவிகாஜாவில் மழைக்குப் பிறகு சரிந்த மேடு 140-க்கும் அதிகமானோரைப் புதைத்தது. 2017-ல் சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் சரிந்ததில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டின் உச்சியில் வளைவாக வெடிப்பு ஓடுவதும், அடிவாரம் உப்புவதும், சரிவின் நடுவே புதிதாகக் கறுப்பு நீர் ஊறுவதும் தெரிந்தால் அடிவாரத்தில் இருப்பவர்கள் வெளியேறவேண்டும். அளவுக் கருவி வரும்வரை காத்திருக்கக்கூடாது.

பழைய மேட்டுக்கு அருகில் இருப்பவர்கள் சாதாரணக் கண்ணாலும் மலிவான கருவியாலும் பார்க்கக்கூடியவை இன்னும் உண்டு. மழைக்குப் பின் மேட்டின் மேல் தேங்கிய குட்டையில் குமிழி வந்தால் அங்கே மூடாக்கு வழியாக வாயு போகிறது. ஒரு வட்டத்தில் மட்டும் புல் கருகினாலும் அதே சந்தேகம்தான். ஓடையில் மேட்டுக்கு மேலேயும் கீழேயும் நீரின் மின்கடத்தலை அளந்து பார்த்தால், கீழே சட்டென்று ஏறும் எண் உப்புக் கலந்த கசிவுநீரைக் காட்டிக்கொடுக்கும். கடல் ஓதம் ஏறும் ஓடைகளில் இந்த வழி ஏமாற்றும், அங்கே அம்மோனியாவைத்தான் அளக்கவேண்டும். மழை நாளைவிட, மழை விட்டுப் பத்து நாள் கழிந்த பிறகு எடுக்கும் மாதிரி அதிகம் சொல்லும்.

அடியில் எதுவும் விரிக்காத பழைய மேட்டுக்குப் பின்னால் போய் விரிப்புப் போட முடியாது. செய்யக்கூடியது மேலேயும் பக்கவாட்டிலும்தான். மேட்டைச் சீர்செய்து, பள்ளமில்லாத சரிவு கொடுத்து, களிமண்ணோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, மழைநீரைத் தனி வடிகாலில் வெளியேற்றினால் கசிவுநீர் ஓரிரு ஆண்டில் வெகுவாகக் குறையும். அடிவாரத்தைச் சுற்றி, இயற்கைக் களிமண்ணைத் தொடும் ஆழத்துக்கு அகழி வெட்டிச் சரளையும் குழாயும் போட்டால் பக்கவாட்டில் ஊறுவதைப் பிடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம். எரிப்பானுக்குக் கூடப் போதாத வாயுவுக்கு, மூடாக்கில் இடைவெளி விட்டு ஒரு மீட்டருக்கு மக்கிய உரம் நிரப்பினால், அதில் வாழும் பாக்டீரியா மீத்தேனின் ஒரு பகுதியை வெளியேறும் வழியிலேயே எரித்துத் தின்னும். செம்பனை வெற்றுக்குலையை மக்கவைத்த உரம் தோட்ட ஊர்களில் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதை நன்றாக மக்கிய பிறகுதான் போடவேண்டும், பாதி மக்கியதைப் போட்டால் அதுவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூடிய மேட்டின் அகழிப் பம்பு மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடவேண்டியிருக்கும், அதற்கான மின்கட்டணத்தை மூடும் திட்டத்தின் செலவிலேயே சேர்த்து எழுதவேண்டும்.